ஏப்ரல் 1 முதல் புதிய அறை வாடகை: நம் வழக்கமான டிராவல் ஏஜெண்டுகளுக்கு

நாயுடுபுரம், கொடைக்கானல்
5 ஜனவரி 2026

அன்புள்ள ஏஜெண்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். மதுரை, திருச்சி, கோவை, சென்னையிலிருந்து தொடர்ந்து நமக்கு ஆள் அனுப்பும் உங்களுக்கு மட்டும் இந்தக் கடிதம். விஷயத்துக்கு நேராக வருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் அறை வாடகையை உயர்த்துகிறோம். கடைசியாக ரேட் மாற்றியது 2023 ஏப்ரலில்.

உங்களுக்கான நெட் ரேட், வரி சேர்க்காமல்: டபுள் ரூம் 2,400 ரூபாயிலிருந்து 2,650. நான்கு பேர் தங்கும் ஃபேமிலி ரூம் 3,800-லிருந்து 4,150. எக்ஸ்ட்ரா பெட் 500-லிருந்து 600. காலை டிபன் சேர்ந்த சி.பி. பிளான்தான் இதுவும், டிபனுக்குத் தனியாக எதுவும் ஏற்றவில்லை. டிரைவர் படுக்க இடமும் இரவுச் சாப்பாடும் எப்போதும்போல இலவசம். ராத்திரி முழுக்க வண்டிக்குள் சுருண்டு கிடந்த டிரைவரை நம்பிக் காலையில் மலை இறங்குவது யாருக்கும் நல்லதில்லை.

ஏன் ஏற்றுகிறோம்? முதல் காரணம் ஜி.எஸ்.டி. "வரியைத்தான் குறைத்துவிட்டார்களே" என்று ஓரிருவர் போனில் கேட்டீர்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. ஆனால் அந்த 5 சதவீதத்தில் நாங்கள் இன்புட் எடுக்க முடியாது. முன்பு கீசர் மாற்றினாலும், பெயிண்ட் அடித்தாலும், ஆன்லைன் புக்கிங் தளத்துக்குக் கமிஷன் கொடுத்தாலும், அதில் கட்டும் 18 சதவீத வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வோம். இப்போது அத்தனையும் எங்கள் கைச்செலவு. விருந்தினர் பில்லில் வரி குறைந்தது. எங்கள் கணக்கில் செலவு கூடியது. செப்டம்பரிலேயே ஏற்றியிருக்கலாம். பூஜை விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் ரேட் சொல்லி முடித்திருந்த நேரம் என்பதால் தள்ளிவைத்தோம்.

விருந்தினரிடம் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். டபுள் ரூமுக்குப் போன ஆகஸ்டில் 12 சதவீத வரியோடு 2,688 ரூபாய் ஆனது. இப்போது 5 சதவீதத்தில் 2,520. ஏப்ரலுக்குப் பிறகு 2,782 ரூபாய் 50 காசு. இன்றைய விலையோடு பார்த்தால் 262 ரூபாய் 50 காசு கூடுதல். வரி குறைவதற்கு முன்பு கட்டியதோடு பார்த்தால் 94 ரூபாய் 50 காசுதான். பழைய விருந்தினர் கேட்டால் இரண்டாவது கணக்கைச் சொல்லுங்கள். ஆனால் முதல் கணக்கை மறைக்க வேண்டாம், பில்லைப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கரண்ட். 2022 செப்டம்பரில் ஒரு பெரிய உயர்வு, அப்புறம் 2023, 2024, 2025 மூன்று ஜூலையிலும் வணிக இணைப்புக்குக் கட்டணம் ஏறியிருக்கிறது. கீழே ஏ.சி. ஓடுகிற மாதிரி இங்கே கீசர் ஓடுகிறது. இதில் உங்களுக்கு அதிகம் தெரியாத ஒரு செலவு துணி துவைப்பு. அக்டோபர், நவம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட பெட்ஷீட் சாயங்காலம் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். அப்படியே விரித்தால் அறை முழுக்க ஒரு பூஞ்சை வாசம் வரும். அதனால் மழைக்காலம் முழுக்க ஷீட்டும் துண்டும் டிரையரில்தான் காய்கின்றன, கம்பளியை வெளியே கொடுத்து வாங்குகிறோம். மரம் விழுந்து கரண்ட் போனால் டீசலில் ஜெனரேட்டர். இந்தச் செலவுகளில் கை வைத்தால் முதல் புகார் உங்களுக்குத்தான் வரும்.

தண்ணீர் விஷயமும் உண்டு. இங்கே 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, மீறினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அதனால் அறைக்கு அறை கண்ணாடி பாட்டில் வைத்திருக்கிறோம். ஃபில்டர் பராமரிப்பு, பாட்டில் கழுவ ஆள் என்று அது ஒரு தனிச் செலவு. குரூப் அனுப்பும்போது இந்தத் தடையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆள் சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுதவில்லை. உங்கள் ஆபீஸிலும் அதே கதைதான்.

சரி, இடைக்கால ஏற்பாடு. ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிய புக்கிங் எந்தத் தேதிக்கு இருந்தாலும் பழைய ரேட்தான். பிப்ரவரி 28-க்குள் விருந்தினர் பெயரோடு 25 சதவீதம் அட்வான்ஸ் அனுப்பினால், ஜூன் 30 வரை தங்குவதற்கும் பழைய ரேட். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு: மே மாத வெள்ளி, சனி இரவுகளுக்கு ஓர் ஏஜெண்டுக்கு நான்கு அறை வரைதான் பழைய ரேட்டில் தர முடியும். பெயர் இல்லாமல் அறையை மொத்தமாகப் பிடித்துவைப்பதை மட்டும் ஏற்க மாட்டோம். போன சீசனில் அதனால் கடைசி வாரத்தில் அறைகள் காலியாக நின்றன.

பேக்கேஜ் நோட்டீஸ் அச்சடித்து ரேட் வெளியிட்டுவிட்டவர்கள், பள்ளி, கம்பெனி குரூப்புக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டவர்கள் அதன் நகலை வாட்ஸாப்பில் அனுப்புங்கள். செப்டம்பர் 30 வரை உயர்வில் பாதிதான் போடுவோம், அதாவது டபுள் ரூம் 2,525, ஃபேமிலி ரூம் 3,975. ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் இந்த வருடம் முழுப் பழைய ரேட். அந்த மாதங்களில் எங்களுக்கும் ஆள் வேண்டும்.

இ-பாஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு இருந்தது. இந்த சீசனிலும் அப்படி வந்து, உங்கள் விருந்தினருக்குப் பாஸ் கிடைக்காமல் போனால் அட்வான்ஸைப் பிடிக்க மாட்டோம். மூன்று மாதத்துக்குள் வேறு தேதிக்கு அதே ரேட்டில் மாற்றித் தருவோம். வருவதற்கு முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் சொன்னால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்கும் பதில். ஆன்லைனில் நம் அறை உங்கள் ரேட்டைவிட மலிவாகக் கிடைக்குமா? கிடைக்காது. தளங்களில் மார்ச் 1-லிருந்தே புதிய விலை போட்டுவிடுவோம், உங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான். எங்காவது உங்கள் நெட் ரேட்டுக்குக் கீழே விலை தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், அந்தத் தேதிக்கு அதே விலையை உங்களுக்கும் தருகிறோம்.

ஜூன் வரைக்கும் யாருக்கு எத்தனை அறை தேவைப்படும் என்று ஒரு உத்தேசக் கணக்கை ஜனவரி 20-க்குள் சொன்னால் மே மாத அறைகளைப் பிரித்து ஒதுக்க வசதியாக இருக்கும். இந்த ரேட்டில் உங்களுக்குக் கட்டுப்படியாகாத பேக்கேஜ் ஏதாவது இருந்தால் என்னையே கூப்பிடுங்கள், ரிசப்ஷனில் கேட்க வேண்டாம். மதியம் 2 மணிக்கு மேல் செக்-இன் கூட்டம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் என்றால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
செல்வராஜ்
உரிமையாளர்