பேக்கமன் விதித்தாள், 2ஆம் பக்கம்: அம்மா படிப்பதற்கு

அண்ணி,

சிங்கப்பூரிலிருந்து வந்த பேக்கமன் பலகை ஆட்டப் பெட்டியின் விதித்தாளை நீங்கள் அனுப்பிய படத்திலிருந்து தமிழில் எழுதிவிட்டேன். அம்மாவுக்குக் கண் சிரமம் இல்லாமல் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். பிள்ளைகள் சண்டை போட்டால் தீர்ப்பு சொல்லப்போவது அம்மாதான். அம்மா எப்படிப் படிப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். மேல் வரியில் ஒரு சொல்லும் கீழ் வரியில் வேறு சொல்லும் இருந்தால், இரண்டும் வேறு வேறு பொருள் என்றே எடுத்துக்கொள்வாள். அதனால் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று கடைசி வரை பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் அச்சடித்தவருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. காய்க்கு மட்டும் ஸ்டோன், மேன், செக்கர், பீஸ் என்று நான்கு பெயர் வருகிறது. எனக்கு நான்குமே ‘காய்’. இன்னும் மோசம் ‘பாயிண்ட்’. பலகையில் இருக்கும் முக்கோணமும் அதுதான், ஜெயித்தால் கிடைப்பதும் அதுதான். ‘இரண்டு காய் சேர்ந்தால் பாயிண்ட் ஆகும்’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அதைப் ‘புள்ளி’ என்று எழுதியிருந்தால், இரண்டு காய் சேரும்போதெல்லாம் அம்மா நோட்டில் ஒரு கோடு போட்டிருப்பாள். அதனால் முக்கோணம் ‘கட்டம்’, வெற்றிக்குக் கிடைப்பது மட்டும் ‘புள்ளி’. பகடையில் விழுவதை எங்கேயும் புள்ளி என்று சொல்லவில்லை, அது ‘எண்’.

மற்றச் சொற்களைத் தாயத்திலிருந்தே எடுத்தேன்: வெட்டு, பழம். தாயத்தில் இல்லாத பகுதிகளுக்கு நம் வீட்டு அமைப்பு கைகொடுத்தது. ‘வீடு’, ‘முற்றம்’ சட்டென்று கிடைத்தன. நடுவில் நீளமாக ஒரு மரச்சட்டம் இருக்கிறதே, வெட்டுப்பட்ட காய் அதன்மேல்தான் உட்கார்ந்து உள்ளே போகக் காத்திருக்கும். முதலில் ‘தடுப்பு’ என்று எழுதினேன். காய் எதையும் தடுக்கவில்லை, காத்துக்கிடக்கிறது. அடித்துவிட்டுத் ‘திண்ணை’ என்று எழுதினேன்.

படத்தில் ட்யூப்லைட் பளபளப்பு விழுந்து ஒரு எண் மறைந்துவிட்டது, 6ஆம் கட்டத்தில் எத்தனை காய் என்பது. ஆளுக்கு 15 காய், மற்ற மூன்று இடத்தில் 2, 5, 3 என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே மிச்சம் 5. மேலே உள்ள வரைபடத்திலும் எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

சாய்ந்த அடைப்புக்குறிக்குள் இருப்பவை விதித்தாளில் இல்லாதவை, நான் சேர்த்தவை.

---

பலகை

பலகையில் 24 முக்கோணங்கள் உள்ளன. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கட்டம். கட்டங்கள் ஆறு ஆறாக நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். வரைபடத்தில் கீழே வலப்பக்கம் இருப்பது வெள்ளையின் வீடு, கீழே இடப்பக்கம் வெள்ளையின் முற்றம். மேலே வலப்பக்கம் கறுப்பின் வீடு, மேலே இடப்பக்கம் கறுப்பின் முற்றம். வீடுகளுக்கும் முற்றங்களுக்கும் நடுவில் இருக்கும் சட்டம் திண்ணை.

ஒவ்வொருவரும் தம் வீட்டின் ஓரத்திலிருந்து கட்டங்களை எண்ண வேண்டும். 1 முதல் 6 வரை தம் வீடு, 7 முதல் 12 வரை தம் முற்றம், 13 முதல் 18 வரை எதிராளியின் முற்றம், 19 முதல் 24 வரை எதிராளியின் வீடு. வெள்ளைக்கு 24ஆம் கட்டமாக இருப்பது கறுப்புக்கு 1ஆம் கட்டம்.

காய் அடுக்குதல்

ஒவ்வொருவருக்கும் 15 காய்கள். தம் கணக்கில் 24ஆம் கட்டத்தில் 2, 13ஆம் கட்டத்தில் 5, 8ஆம் கட்டத்தில் 3, 6ஆம் கட்டத்தில் 5 காய்கள் வைக்க வேண்டும். எல்லாக் காய்களையும் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பழம் எடுக்க வேண்டும். 15 காய்களையும் முதலில் பழம் எடுப்பவர் வெற்றி பெறுவார்.

ஆட்டம் தொடங்குதல்

இருவரும் ஆளுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தவர் முதலில் ஆடுவார். தனியாக மறுபடி உருட்டாமல், விழுந்திருக்கும் அந்த இரண்டு எண்களையே அவர் முதல் முறைக்கு ஆட வேண்டும். இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். அதன்பின் மாறி மாறி, ஒரு முறைக்கு இரண்டு பகடைகள்.

காய் நகர்த்துதல்

காய்கள் 24ஆம் கட்டத்திலிருந்து 1ஆம் கட்டத்தை நோக்கி மட்டுமே நகரும். பின்னால் போகக்கூடாது. இரண்டு பகடைகளின் எண்களும் தனித்தனி நகர்வுகள். ஒரு எண்ணுக்கு ஒரு காயும் மற்ற எண்ணுக்கு வேறொரு காயும் நகர்த்தலாம். ஒரே காயை இரண்டு எண்களுக்கும் நகர்த்தலாம், ஆனால் முதல் எண்ணில் அது வந்து நிற்கும் கட்டத்திலும் எதிராளியின் இரண்டு காய்களோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது.

ஒருவருடைய இரண்டு காய்களோ அதற்கு மேலோ ஒரு கட்டத்தில் இருந்தால் அது பூட்டு. எதிராளியின் காய் பூட்டில் நிற்க முடியாது. பூட்டைத் தாண்டிப் போகலாம்.

எடுத்துக்காட்டு: முதல் முறையில் 3, 1 விழுந்தால், 8ஆம் கட்டத்திலிருந்து ஒரு காயையும் 6ஆம் கட்டத்திலிருந்து ஒரு காயையும் 5ஆம் கட்டத்துக்குக் கொண்டுவரலாம். 5ஆம் கட்டம் பூட்டாகிவிடும்.

இரண்டு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால் அது இரட்டை. இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு தடவை ஆட வேண்டும். 2, 2 விழுந்தால் இரண்டு கட்ட நகர்வு நான்கு.

*(அம்மா, இரட்டை விழுந்தால் மறுபடி உருட்டக் கிடையாது. நான்கு நகர்வோடு முறை முடிந்தது.)*

முடிந்தவரை இரண்டு எண்களையும் ஆட வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் பெரிய எண்ணை ஆட வேண்டும். பெரிய எண்ணை ஆட வழியில்லாவிட்டால் சின்ன எண். எதையும் ஆட முடியாவிட்டால் முறை எதிராளிக்குப் போகும்.

வெட்டு

ஒரு கட்டத்தில் ஒரே ஒரு காய் தனியாக நின்றால் அது ஒற்றை. எதிராளியின் ஒற்றை நிற்கும் கட்டத்தில் உங்கள் காய் வந்து நின்றால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காயைத் திண்ணையில் வைக்க வேண்டும்.

*(இங்கே மலை கிடையாது. எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒற்றையை வெட்டலாம், பூட்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வெட்டியதற்காக இன்னொரு தடவை உருட்டவும் முடியாது. பெரியவன் கண்டிப்பாகக் கேட்பான்.)*

திண்ணையிலிருந்து நுழைதல்

திண்ணையில் உங்கள் காய் இருக்கும்வரை வேறு எந்தக் காயையும் நகர்த்தக்கூடாது. திண்ணையில் இருக்கும் காய் எதிராளியின் வீட்டில் நுழைய வேண்டும். விழுந்த எண் எதுவோ, எதிராளியின் கணக்கில் அந்தக் கட்டத்தில் நுழையும். 1 விழுந்தால் எதிராளியின் 1ஆம் கட்டம், அதாவது உங்கள் 24ஆம் கட்டம். 4 விழுந்தால் எதிராளியின் 4ஆம் கட்டம், உங்கள் 21ஆம் கட்டம்.

நுழையும் கட்டத்தில் எதிராளியின் பூட்டு இருக்கக்கூடாது. ஒற்றை இருந்தால் வெட்டிக்கொண்டே நுழையலாம்.

எடுத்துக்காட்டு: உங்கள் காய் ஒன்று திண்ணையில் இருக்கிறது. 6, 4 விழுகிறது. எதிராளியின் 6ஆம் கட்டம் பூட்டு, 4ஆம் கட்டம் காலி. 4ஐக் கொண்டு நுழைந்துவிட்டு, 6ஐ எந்தக் காய்க்கும் ஆடலாம்.

இரண்டு எண்களுக்கும் பூட்டாக இருந்தால் உங்கள் முறை போய்விடும். திண்ணையில் இரண்டு காய்கள் இருந்து ஒன்று மட்டும் நுழைந்தால், மிச்ச எண்ணை வேறு காய்க்கு ஆட முடியாது. எதிராளியின் வீட்டில் ஆறு கட்டங்களும் பூட்டாக இருந்தால், ஒன்று திறக்கும்வரை நீங்கள் நுழைய வழியில்லை.

*(தாயம் விழுந்தால்தான் இறங்கலாம் என்பது இங்கே இல்லை. பூட்டில்லாத எந்த எண்ணும் போதும்.)*

பழம் எடுத்தல்

உங்கள் 15 காய்களும் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகே பழம் எடுக்கத் தொடங்கலாம். விழுந்த எண்ணுக்கு உரிய கட்டத்தில் இருக்கும் காயைப் பலகையிலிருந்து வெளியே எடுப்பதுதான் பழம் எடுத்தல்.

அந்தக் கட்டத்தில் உங்கள் காய் இல்லாவிட்டால், அதைவிடப் பெரிய கட்டத்தில் உள்ள காயை அந்த எண்ணுக்கு நகர்த்த வேண்டும். பெரிய கட்டங்களிலும் காய் இல்லாவிட்டால், இருப்பதில் பெரிய கட்டத்திலிருந்து பழம் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு: 6 விழுந்திருக்கிறது. 6ஆம் கட்டத்தில் காய் இல்லை, 5ஆம் கட்டத்தில் இரண்டு காய்கள் இருக்கின்றன. 5ஆம் கட்டத்திலிருந்து ஒன்றைப் பழம் எடுக்க வேண்டும்.

விதிப்படி வேறு நகர்வு இருந்தால் பழம் எடுக்காமல் அதை ஆடலாம். பழம் எடுக்கும்போது உங்கள் காய் வெட்டுப்பட்டால், அது திண்ணையிலிருந்து நுழைந்து முழுச் சுற்று வந்து உங்கள் வீட்டை அடையும்வரை மேற்கொண்டு பழம் எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்த பழங்கள் திரும்பி வரா.

புள்ளி

தோற்றவர் ஒரு பழமாவது எடுத்திருந்தால் அது சாதாரண வெற்றி: 1 புள்ளி. தோற்றவர் ஒரு பழமும் எடுக்கவில்லை என்றால் பெரிய வெற்றி: 2 புள்ளிகள். ஒரு பழமும் எடுக்காததோடு, அவருடைய காய் திண்ணையிலோ வென்றவரின் வீட்டிலோ இன்னும் இருந்தால் முழு வெற்றி: 3 புள்ளிகள்.

*(ஆங்கிலத்தில் இந்த மூன்றாவதன் பெயரும் பேக்கமன்தான், ஆட்டத்தின் பெயரே அது. குழப்பம் வேண்டாம் என்று முழு வெற்றி ஆக்கினேன்.)*

பந்தயக் கட்டை

பெட்டியில் 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதிய பெரிய கட்டை ஒன்று இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது 64 மேலே தெரியுமாறு அதைத் திண்ணையின் நடுவில் வைக்க வேண்டும். தம் முறையில், பகடை உருட்டும் முன்

---

இந்த இடத்தில் படம் முடிந்துவிட்டது அண்ணி. கீழே கட்டைவிரல் தெரிகிறது, சின்னவள் விரல் என்று நினைக்கிறேன். அடுத்த பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து எடுத்து அனுப்புங்கள். அதுவரை அந்தக் கட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். அது உருட்டுகிற கட்டை இல்லை, ஆட்டத்தின் புள்ளி எத்தனை மடங்கு என்று காட்டுவதற்கு வைப்பது. 1920களில் நியூயார்க்கில் சேர்ந்ததுதான், அது இல்லாமலும் ஆட்டம் நன்றாகவே நடக்கும். பிள்ளைகள் இதற்குள் அதை உருட்டி 64 கட்டம் ஓடியிருந்தால் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.