பலகையில் ஒரு கொழுந்து

ஹட்டனில் சில்லறைக் கடை வைத்திருக்கும் மாமா, போர்டு எழுதுகிறவரிடம் போனை நீட்டப்போனால் டிசைன் படத்தைக் காணவில்லை, மகன் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்தபோது அதுவும் போய்விட்டது.

"சரி அண்ணே, வாயால சொல்லுங்க."

"நல்ல பச்சை."

"எந்தப் பச்சை?"

மாமா திணறினார். அப்புறம் வாசலுக்கு வந்து எதிர்மலைத் தேயிலையைக் காட்டினார். "கவாத்து வெட்டினதும் புதுசா துளிர்க்குமே, அது. 6 அடி நீளம், 2 அடி உயரம். இடது மூலையில ரெண்டு இலை, நடுவுல மொட்டு, வலப்பக்கம் சாய்ஞ்சு. பக்கத்துல எங்கம்மா பேரு, தமிழும் சிங்களமும் ஒரே அளவுல, மஞ்சள்ல, பனிமூட்டத்துலயும் பஸ்ஸுல போறவங்களுக்குத் தெரியணும்."

போர்டு எழுதுகிறவர் சோக்கால் கோடிழுத்தார். "இவ்வளவு சாய்ஞ்சா போதுமா?"

"இன்னும் கொஞ்சம் தம்பி. கிள்ளுற விரலுக்கு வாகா."