கேபின் க்ரூ பயிற்சிப் பணிக்கு விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்:
ப. உமையாள்,
செக்காலை, காரைக்குடி,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
ஆள்சேர்ப்புப் பிரிவு மேலாளர்,
கேபின் சேவைகள், சென்னை.

பொருள்: கேபின் க்ரூ பயிற்சிப் பணி, சென்னைத் தளம்

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

வணக்கம். எனக்கு வயது 22. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில் பி.காம். முடித்து, இரண்டு ஆண்டுகளாகக் கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாறிய ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன்.

இந்த வேலை மேல் ஆசை வந்தது என் அப்பத்தாவால். பேரனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனார். அதுதான் முதல் விமானப் பயணம். கழிவறைக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை, கேட்கக் கூச்சம். நான்கு மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் தள்ளினால் கதவு மடங்கும் என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் போதும். கேட்கத் தயங்குகிறவர்களை முகம் பார்த்தே கண்டுபிடிக்கும் பணியாளராக இருக்க விரும்புகிறேன்.

தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவேன். இந்தியில் ராஷ்ட்ரபாஷா தேர்ச்சி பெற்றிருக்கிறேன். வட இந்திய விருந்தினர்களிடம் பேசிப் பேசித் தயக்கம் போய்விட்டது. எங்கள் ஊருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருவதால், வரவேற்கவும் உணவு பற்றி விசாரிக்கவும் வேண்டிய அளவு பிரெஞ்சு தெரியும்.

ஒருமுறை ஒரு விருந்தினர் தனக்கு முந்திரி ஒவ்வாது என்று சொன்னார். எழுதிக் கொடுத்ததோடு விடாமல் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். குருமாவில் முந்திரி அரைத்துச் சேர்த்திருந்தார்கள். அவருக்குத் தனியாகச் சமைக்க வைத்து, தாமதத்துக்கான காரணத்தை நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்த முகத்தைவிட இந்தச் சரிபார்ப்புதான் விமானத்தில் முக்கியம் என்று நம்புகிறேன். க்ரூ முதலில் பாதுகாப்புக்காக இருப்பவர்கள் அல்லவா?

விடுதியில் சீருடை கண்டாங்கிச் சேலை. பருத்தி என்பதால் மதியத்துக்குள் கசங்கும். இடைவேளையில் கொசுவத்தைப் பிரித்து மறுபடி மடித்துப் பின் குத்துவேன். கொண்டை வலை போடுவதும், நகத்தை ஒட்ட வெட்டுவதும் பழகிவிட்டது. பணி நேரத்தில் பூ வைப்பதில்லை. குனிந்து பேசும்போது வாசனை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உயரம் 162 செ.மீ. உடலில் பச்சை குத்தியதில்லை. சின்ன வயதில் ஊரணியிலேயே நீச்சல் கற்றுக்கொண்டேன்.

நேரம் மாறி மாறி வேலை செய்வது புதிதல்ல. இரவு 2 மணிக்கு ரயிலில் வருபவர்களை வரவேற்றுவிட்டு, 6 மணிக்கு அடுத்த குழுவைச் சந்தைக்கு அழைத்துப் போன நாட்கள் உண்டு. இரண்டு பொங்கலும் விடுதியில்தான் போயின; வீட்டில் புரிந்துகொண்டார்கள். பகலில் தூங்கப் பழகியிருக்கிறேன். பல்லாவரத்தில் சித்தி வீட்டில் தங்குவேன் என்பதால், ஸ்டாண்ட்பை நாளில் அழைத்தாலும் விரைவில் விமான நிலையம் வந்துவிட முடியும்.

பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது. விடுதியில் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன்பின் எந்தத் தேதியிலும் பயிற்சிக்கு வருவேன். நேர்முகத் தேர்வு திருச்சியிலோ சென்னையிலோ, எங்கு வைத்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. உமையாள்