கணித ரீச்சரின் பணி ஓய்வுக்கான போஸ்டர் புரொம்ட்

இணைத்திருக்கும் படத்தில் உள்ள ரீச்சரை நடுவில் வைத்து ஒரு போஸ்டர் வேண்டும். கிளிநொச்சியில் 1991இல் கணிதம் படிப்பிக்கத் தொடங்கி 2025இல் ஓய்வு பெறுகிறவர். சேவைநலன் பாராட்டு விழாவில் சட்டம் போட்டு அவர் கையிலேயே கொடுக்கப் போகிறோம். ஏ2 தாளில் அச்சாகும், எனவே நிமிர்ந்த வடிவம், அகலம் 5 என்றால் உயரம் 7.

முகத்தில் கை வைக்கக் கூடாது. இடது புருவத்துக்கு மேலிருக்கும் சின்ன வடு, கண்ணோரச் சுருக்கங்கள், வகிட்டோர நரை, சற்றுக் கீழே இறங்கிய கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கட்டும். நிறத்தை வெளுக்க வேண்டாம், வயதையும் குறைக்க வேண்டாம். படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். வகுப்பில் பிழையான விடையைக் கண்டுபிடித்ததும் பார்க்கும் பார்வை அதுதான், அதனால் அதையும் மாற்ற வேண்டாம். கடும் பச்சைப் பருத்திச் சேலை, கடுகு நிறக் கரை. மடிப்பு வைத்து இடது தோளில் ஊசி குத்திய முந்தானை, கண்டிய முறையில் அல்ல. வலது கை விரல் நுனிகளிலும் சேலைக் கொசுவத்தின் ஓரத்திலும் வெண்கட்டித் தூள் தெரிய வேண்டும்.

இடுப்பு வரை தெரிகிற மாதிரி நிற்கட்டும். கையில் பூங்கொத்து வேண்டாம், கரும்பலகையில் வட்டம் போடும் பெரிய மரக் கவராயம் இருக்கட்டும். அதன் திருகு கழன்று பல வருடமாகிறது. வெண்கட்டியை ரப்பர் வளையத்தால் கட்டித்தான் வட்டம் போடுவார். அந்த ரப்பர் வளையம் கட்டாயம் தெரிய வேண்டும், பழைய மாணவர்கள் முதலில் தேடப் போவது அதைத்தான்.

பின்னால் கரும்பலகை. அதில் செங்கோண முக்கோணி ஒன்று, மூன்று பக்கங்களிலும் சதுரங்கள், 3, 4, 5 என்ற எண்கள், அவ்வளவுதான். கோடுகள் கையால் போட்டவையாக, ஒரு மூலையில் துடைத்த தடத்தோடு இருக்கட்டும்.

ரீச்சரைச் சுற்றி அவருடைய வருடங்கள் வர வேண்டும். காற்றில் மிதக்கும் குட்டிப் படங்களாக வேண்டாம், ஒரு காட்சி அடுத்ததில் கரைந்து போகிற நீர்வண்ண ஓவியமாக வேண்டும். இடது கீழ் மூலையில், மண்ணெண்ணெய் கிடைக்காத தொண்ணூறுகளின் இரவு: ஜாம் போத்தல் விளக்கு, பக்கத்தில் திருத்திக்கொண்டிருக்கும் கொப்பிகள், சிவப்புப் பேனை. விளக்கில் எண்ணெய் அடியில் கொஞ்சம்தான், திரியும் சின்னது. அதற்கு மேலே 1996 இடப்பெயர்வுக்குப் பிறகு ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் நடந்த வகுப்பு: அடிமரத்தில் சாய்த்த பலகை, உரப்பைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், கிளையில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. இந்தக் காட்சிக்குத்தான் அதிக இடம். இலைகளுக்கிடையே விழும் வெயில் பிள்ளைகளின் முதுகிலும் கொப்பியிலும் புள்ளி புள்ளியாகப் படட்டும்.

வலது மேல் பக்கம் 2009, செட்டிகுளம் முகாமில் வெள்ளைக் கூடார வகுப்பு. சிறிதாக, தொலைவில் இருந்தால் போதும். முட்கம்பி, ஹெலி, ஆயுதம், இராணுவம் எதுவும் வேண்டாம். ரீச்சர் இதை வீட்டு முன்கூடத்தில் மாட்டுவார், பேரப்பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள்.

வலது கீழே இன்றைய பள்ளிக்கூடம்: ஓட்டுக்கூரை, நீண்ட விறாந்தை, தூணில் சாய்த்த பெண்கள் சைக்கிள், ஹாண்டிலில் மடித்துத் தொங்கும் கறுப்புக் குடை. அப்பால் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல், காலபோக நெல் பச்சையாக. வரப்பில் பனைகள் இரண்டு மூன்று இருந்தால் சரி, தோப்பாக்கிவிட வேண்டாம். வெள்ளைச் சீருடையில் சில பிள்ளைகள், ஆளுக்கொரு உயரத்தில், நம் ஊர்ப் பிள்ளைகளின் நிறத்தில். எல்லோரும் ஒரே மாதிரிச் சிரிக்க வேண்டாம். ஒருத்தி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

அடியில், சட்டத்துக்குச் சற்று மேலே ஒரு மேசை. அதில் தினவரவு இடாப்பு, பாகைமானி, மூலைமட்டம், மூடி இல்லாத சிவப்புப் பேனை. ஆப்பிள், ஆந்தை, பட்டமளிப்புத் தொப்பி, பூகோள உருண்டை, பறக்கும் புத்தகம் ஒன்றும் வேண்டாம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வேண்டாம், ரீச்சரே சிரிப்பார்.

நிறங்கள்: செம்மண், வயல் பச்சை, பலகைக் கறுப்பு, வெண்கட்டி வெள்ளை. முகம் புகைப்படத் தெளிவோடு, சுற்றியுள்ளவை நீர்வண்ணத்தில். வெளிச்சம் இடதுபக்கத்திலிருந்து, காலை எட்டு மணி வெயில் மாதிரி.

கரும்பலகையில் உள்ள 3, 4, 5 தவிர எழுத்து எதுவும் வர வேண்டாம். தமிழ் எழுத்துகள் பல நேரம் கொம்பும் காலும் மாறி உடைந்து வருகின்றன. இடாப்பிலும் கொப்பிகளிலும்கூட வெறும் கோடுகள் போதும். மேலே ஆறில் ஒரு பங்கு இடம் வெளிர் நிறத்தில் வெறுமையாக இருக்கட்டும். “எங்கள் கணித ரீச்சர், 1991 – 2025” என்பதை அச்சகத்தில் போட்டுக்கொள்வோம்.

இப்போதைக்கு ஒரு படம் மட்டும் போதும். முகம் சரியாக வந்தால் அப்புறம் மற்றதைத் திருத்தலாம்.