தாராவி மாவு யூனிட்: ஜூலை மாத நெகிழ்வு பட்ஜெட்

பங்குதாரர்கள் மூவருக்கும்,

ஜூலைக்கு 12,000 கிலோ இட்லி மாவு போடுவதாகத் திட்டம். மழையில் சயானும் கிங்ஸ் சர்க்கிளும் தண்ணீரில் நின்ற நாட்களில் டெம்போ போகவில்லை. கடைக்குப் போனது 9,600 கிலோதான்.

பழைய முறையில் பார்த்தால் செலவு ரூ.5,62,400 ஆகும் என்று போட்டிருந்தோம், ஆனது ரூ.5,04,060. ரூ.58,340 மிச்சம் என்று தோன்றும். அது மிச்சமே இல்லை. மாவு குறைவாக அரைத்ததால் அரிசியும் உளுந்தும் குறைவாக வாங்கினோம், அவ்வளவுதான். 9,600 கிலோவுக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். கீழே அட்டவணையின் நடுப் பத்தி அதைத்தான் சொல்கிறது.

| இனம் (ரூ.) | திட்டம் 12,000 கிலோ | 9,600 கிலோவுக்கு ஆக வேண்டியது | நடந்தது |
|---|---|---|---|
| விற்பனை | 6,24,000 | 4,99,200 | 4,94,400 |
| அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு | 2,88,000 | 2,30,400 | 2,44,800 |
| பாக்கெட், லேபிள் | 30,000 | 24,000 | 24,960 |
| டெம்போ | 36,000 | 28,800 | 26,400 |
| கரண்ட் | 23,400 | 20,520 | 22,900 |
| பேக்கிங் ஆட்கள் | 60,000 | 60,000 | 60,000 |
| வாடகை, மாஸ்டர் சம்பளம், குளிர் அறைத் தவணை, கணக்கு | 1,25,000 | 1,25,000 | 1,25,000 |
| மொத்தச் செலவு | 5,62,400 | 4,88,720 | 5,04,060 |
| லாபம் | 61,600 | 10,480 | நஷ்டம் 9,660 |

கிலோவுக்கு சரக்கு ரூ.24, பாக்கெட் ரூ.2.50, டெம்போ ரூ.3. இவை மாவோடு சேர்ந்து ஏறும், இறங்கும். கரண்ட் பாதி அப்படி, பாதி இப்படி: 13,000 கிலோ போட்ட மாதம் பில் ரூ.24,600, 8,000 கிலோ போட்ட மாதம் ரூ.18,600. 5,000 கிலோ வித்தியாசத்துக்கு ரூ.6,000, அதாவது கிலோவுக்கு ரூ.1.20. அதைக் கழித்தால் மாவே அரைக்காவிட்டாலும் ரூ.9,000 கட்டியாக வேண்டும். பேக்கிங் ஆட்கள் படிப்படியாக ஏறும் செலவு: 3,000 கிலோவுக்கு ஒருவர், சம்பளம் ரூ.15,000.

ஷீட்டில் B2-இல் அந்த மாதம் உண்மையில் போன கிலோவைப் போட்டால் போதும், ஆக வேண்டிய செலவு தானாக வந்துவிடும்:

```
=134000+ROUNDUP(B2/3000,0)*15000+B2*30.7
```

இது 6,000 முதல் 15,000 கிலோ வரைதான் சரியாக வரும். அதற்கு மேல் போனால் இன்னொரு கிரைண்டரும் பெரிய குளிர் அறையும் வேண்டும், 1,34,000 என்பதே மாறிவிடும்.

இனி நஷ்டக் கணக்கு. திட்ட லாபத்திலிருந்து ரூ.51,120 குறைந்தது மாவு குறைவாகப் போனதால். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மீதி ரூ.20,140 நம் கையில் இருந்தது. அதில் ரூ.4,800, இரண்டு கடைகளுக்கு விலை குறைத்துக் கொடுத்ததால் போனது.

பெரிய ஓட்டை சரக்கில்தான்: ரூ.14,400 கூடுதல். உளுந்து கிலோ 130-இலிருந்து 140 ஆனதால் ரூ.7,200. மற்ற ரூ.7,200 புளித்துத் திரும்பி வந்த மாவு, சுமார் 290 கிலோ. மழை அன்று காலையிலேயே ஆர்டரைக் குறைத்திருந்தால் இதில் பாதியாவது தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி ஊறப்போடும் முன் செம்பூர், மாட்டுங்கா கடைகளுக்கு ஒரு போன் போட்டே ஆக வேண்டும், அண்ணாச்சி. பாக்கெட்டில் ரூ.960 கூடுதல். கரண்டில் கூடிய ரூ.2,380-க்கு இன்னும் காரணம் பிடிபடவில்லை. குளிர் அறைக் கதவு ரப்பரை எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். டெம்போவில் ரூ.2,400 மிச்சம், சயானையும் மாட்டுங்காவையும் ஒரே நடையில் சேர்த்ததால். டிரைவர் தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். 9,000 கிலோவோடு நின்றிருந்தால் மூன்று ஆட்கள் போதும், லாபம் ரூ.12,700 வந்திருக்கும். மேலே போட்ட 600 கிலோ நான்காவது ஆளின் சம்பளத்தைக்கூடத் தரவில்லை. அதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆகஸ்டில் திரும்பி வரும் பாக்கெட்டை எண்ணிக் கடைவாரியாக எழுதும் வேலையை அவரிடம் கொடுக்கலாம்.

ஆகஸ்ட்: திட்டம் 11,000 கிலோ, உளுந்து 140-இலேயே இருந்தால் கிலோவுக்கு 30.7 என்பது 31.45 ஆகும். விற்பனை ரூ.5,72,000, செலவு ரூ.5,39,950, லாபம் ரூ.32,050. நான்கு ஆட்களோடு 9,440 கிலோவுக்குக் கீழே போனால் கைக்காசு போட வேண்டியிருக்கும். 15-ஆம் தேதி வரை போன கிலோவை அன்றே B2-இல் இரட்டித்துப் போட்டுப் பார்த்து, உங்கள் மூவருக்கும் அனுப்புகிறேன்.