தம்பி, கட்டுநாயக்கா போய்ச் சேரும் முன் வாசி

டேய் தம்பி,

இப்போது மணி ஒன்பதரை. வான் தம்புள்ளைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். நீ வாயைத் திறந்துகொண்டு அப்பாவின் தோளில் தூங்கியிருப்பாய். எழும்பினால் இதை வாசி. பெரிய மெசேஜ்தான். வழக்கம்போல் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுத் தப்பலாம் என்று நினைக்காதே.

பின்னேரம் வாசலில் வைத்து ஒன்றுமே சொல்லவில்லை என்று உனக்குக் கோபமாக இருக்கும். "அக்கா, போயிட்டு வாறன்" என்று நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார்ஜர் எடுத்தியா?" முப்பத்து மூன்று வயதில், ஒரே தம்பி கடல் தாண்டிப் போகிற நேரத்தில், என் வாயில் வந்த வாசகம் அதுதான். வேறு ஏதாவது சொல்லத் தொடங்கியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். அம்மா ஏற்கெனவே ஒரு பக்கம், சின்னவள் கிணற்றடியில் இன்னொரு பக்கம். வீட்டில் ஒருவராவது நேராக நிற்க வேண்டாமா?

சார்ஜர் எடுக்கவில்லை. மேசையில் கிடக்கிறது. கட்டுநாயக்காவில் வாங்காதே, யானை விலை சொல்வார்கள். அங்கே போய் வாங்கு.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வான் திரும்பும் வரைக்கும் அம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து பிட்டு அவிக்கத் தொடங்கினாள். யாருக்கு என்று கேட்டேன். "தம்பிக்கு" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மாவைக் குழைத்தாகிவிட்டதே, அவித்துத்தான் ஆகவேண்டும். உன் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். இந்த வீட்டில் உனக்காக நான் செய்த மிகப் பெரிய தியாகம் அது.

என் மகன் வேறு. "மாமா பிளேனில ஒண்டுக்கு எங்க போவார்?" என்று கேட்டான். உள்ளேயே கக்கூஸ் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கீழ நிக்கிற ஆக்களுக்கு?" என்றான். வீட்டுக்குள் இருந்து முதலாவது சிரிப்புச் சத்தம் அப்போதுதான் வந்தது. அம்மாவும் சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

சூட்கேஸ் விசயத்தில் உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். முப்பது கிலோ என்று நீ சொன்னாய். அப்பா நெல் நிறுக்கிற தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார், முப்பத்து நான்கு. நீ குளிக்கப் போன நேரம் உன் நீல ஜீன்ஸையும், அந்தப் பாரமான சப்பாத்தையும், தலைக்கு வைக்கிற ஜெல் போத்தலையும் நாங்கள் வெளியில் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் சரக்குத்தூள், கூனி, முந்திரிப்பருப்பு, கருவாடு. கருவாட்டை நாலு பொலித்தீன் பையில் சுற்றி, உன் கலியாண வீட்டுச் சேர்ட்டுக்குள் வைத்திருக்கிறாள் அம்மா. அறைக்கு வரும் நேபாளப் பெடியனோ வங்காளப் பெடியனோ மூக்கைப் பொத்தினால் ஒருநாள் பொரித்துக் கொடு. அடுத்த நாள் அவனே கேட்பான். தயிர்ச்சட்டியையும் கட்டிவிட்டிருப்பாள், நான்தான் தடுத்தேன். நீ ஜெல்லுக்கு அழாமல் இதற்கு எனக்கு நன்றி சொல்.

கல்லடிப் பாலம் தாண்டும்போது நீ வெளியே எட்டிப் பார்த்தாய் என்று அத்தான் சொன்னார். அங்கே வரைக்கும் மோட்டார் சைக்கிளில் உங்களுக்குப் பின்னாலேயே வந்தார், தெரியுமா? நான் அனுப்பவில்லை, அவராகவே போனார். சின்ன வயதில் ஒரு பூரணை இரவில் அப்பா நம்மைத் தோணியில் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? மீன் பாடுவது கேட்கும், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வை என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறேன். நீ காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா குறட்டை விடுற சத்தம்தான் கேக்குது" என்றாய். ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பாடும் மீனை அன்றைக்கு நீ கொன்றாய். இப்போதும் அந்தப் பாலத்தால் போனால் எனக்கு என் குறட்டைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, சொல்லாமல் விட முடியவில்லை. 2004 டிசம்பர் 26. உனக்கு நாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. சின்னவளை அம்மா தூக்க, உன்னை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினேன். பின்னால் கடல் வருகிறது, ஊரே கத்துகிறது, நீயோ "என்ர செருப்பு, என்ர செருப்பு" என்று என் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறாய். ஒற்றைச் செருப்பு விழுந்துவிட்டதாம். மற்றதைக் கடைசி வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களிலும் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினாய். இன்றைக்கு நீ வானில் ஏறும்போது உன் காலைத்தான் பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது வேலைக் கதை.

பாஸ்போர்ட்டைக் கம்பனியில் "நாங்கள் வைத்திருக்கிறோம்" என்று கேட்பார்கள். கட்டாரில் அது உன் கையில்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படித்தான். மரியாதையாகச் சொல்லு, ஆனால் கொடுக்காதே. உனக்கு மரியாதையாகப் பேசத் தெரியும், என்னைத் தவிர எல்லாரிடமும் பேசுகிறாய். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாது. நீ போய் இறங்குவது சரியாக அந்தக் காலத்தில்தான். "நான் மட்டக்களப்பு வெயில் பார்த்தவன்" என்று வீரம் காட்டி மேலே ஏறி வயர் இழுக்காதே. அந்த வெயில் வேறு. பணியகத்தில் பதிந்த கடதாசிகளின் போட்டோ என் போனிலும் இருக்கிறது, தொலைத்தால் கேள்.

அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். ஏற்கெனவே எனக்கு எட்டு வயது இளையவன், இனி எட்டு வயதும் இரண்டரை மணித்தியாலமும். மரியாதையைக் கூட்டிக்கொள்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றினேன்.

நீ எதற்குப் போகிறாய் என்று எல்லாருக்கும் தெரியும். சின்னவளின் வீடு. லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, இப்போதைக்கு அதில் குடியிருப்பது பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு. நம் ஊர் வழக்கம் அது, பெண்பிள்ளைக்கு வீடு. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தாள், அம்மா எனக்குக் கொடுத்தாள். இன்றைக்கு நான் படுத்திருந்து இதை எழுதுகிற கூரையில் அப்பாவின் பத்து வருச வேளாண்மை இருக்கிறது. எனக்குக் கொடுத்ததால்தான் சின்னவளுக்கு மிச்சம் இல்லாமல் போனது. அது உனக்கும் தெரியும், நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆனால் நம் ஊர் ஆம்பிளைப் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பார். கல் சுமப்பது நீ, ஓடு போடுவது நீ, குடிபுகும்போது பால் காய்ச்சச் செலவழிப்பது நீ. பிறகு கலியாணம் கட்டிப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவாய். நீ கட்டிய வீட்டில் உனக்கு மிஞ்சுவது விறாந்தையில் ஒரு கதிரை. அதையும் அத்தான் பிடித்துவிடுவார்.

நம் மாமா இரண்டு வருசம் என்றுதான் சவூதிக்குப் போனார். முதலில் கடன், பிறகு ஓடு, பிறகு மதில், பிறகு மகளின் சாமத்தியச் சடங்கு. பதினாலு வருசம். வந்து இறங்கிய அன்றைக்கு அவருடைய கடைசி மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அங்கிள், இருங்க" என்றான். மாமா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் பிடிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். இரண்டு வருசக் கொன்ட்ராக்ட் முடிந்ததும் வா. ஓடு போட்டாலும் சரி, தகரத்தோடு நின்றாலும் சரி. சின்னவளுக்கும் அதே எண்ணம்தான். ஓட்டின் நிறம் கேட்டு நீ அந்தப் படங்களை அனுப்பினாயே, அவள் பதில் போடாதது திமிரால் இல்லை. போனை என்னிடம் தந்துவிட்டு, "அண்ணன் போறதுக்கு நான் கலர் சொல்லணுமா?" என்று எழும்பிப் போனாள்.

ஒரு பொய்யையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். முதலில் ருமேனியா காட்டி ஏமாற்றியவனிடம் காசு போன பிறகு, இரண்டாவது தரம் நான் தந்த காசு அத்தானின் சீட்டுக் காசு இல்லை. என் காப்பு இரண்டும் அடகில் இருக்கிறது. பதறாதே. வேலைக்குக் கை வீசும்போது பாரம் குறைவாக, நன்றாகத்தான் இருக்கிறது. முதல் சம்பளத்தில் அதை மீட்க வேண்டாம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்க வழி பார். இப்போதுள்ளதில் உன் முகம் பாதிதான் தெரியும், அவள் மற்றப் பாதிக்கு என்ன ஆனது என்று கேட்டே என்னைக் கொல்வாள். காப்பு மெதுவாக வரட்டும். வட்டிக்கு நீ கட்டாரிலிருந்து சொக்லட் கொண்டு வா. எனக்கு மட்டும். பிள்ளைக்கு வேறாக.

அப்பாவைப் பற்றி. வழியெல்லாம் ஒரு கதையும் கதைத்திருக்கமாட்டார். காலையிலிருந்து வானின் டயருக்கு மூன்று தரம் காற்றுப் பார்த்தவர் அவர்தான், டிரைவர் கோபித்துக்கொள்ளும் வரைக்கும். விடைபெறும்போது நீயாகக் கட்டிப்பிடி. அவர் மரம் மாதிரித்தான் நிற்பார், பரவாயில்லை, பிடி. மாமாங்கத்தில் கட்டிய நூல் கையில் இருக்கிறதா பார். மெசினில் கழற்றச் சொன்னால் கழற்று, சாமி கோபிக்காது.

போய் இறங்கியதும் "ம்" என்று எழுதாதே. என்ன சாப்பிட்டாய், அறையில் எத்தனை பேர், கட்டில் மேலேயா கீழேயா, எல்லாம் எழுது.

அம்மா உன் அறையில் லைற்றை நூர்க்கவில்லை. நான் போய் நூர்த்துவிட்டு வந்தேன், அவள் போய்த் திரும்பப் போட்டிருக்கிறாள். கரண்ட் பில் வந்தால் உனக்குத்தான் அனுப்புவேன்.

உள்ளே போவதற்கு முன் ஒரு கோல் எடு. எவ்வளவு நேரமானாலும் முழித்திருப்பேன். நான் அழமாட்டேன். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டால் வெங்காயம் உரிக்கிறேன் என்று வைத்துக்கொள். நடுச்சாமத்தில் எதற்கு வெங்காயம் என்று மட்டும் கேட்காதே.

அக்கா