கான்கிரீட் கியூப் அமுக்க வலிமைச் சோதனை அறிக்கை: மஞ்சள் குடோன் கட்டுமானம், பெருந்துறை வட்டம்

அறிக்கை நாள்: 03.04.2025
கான்கிரீட் தரம்: எம்25
பெறுபவர்: கட்டட உரிமையாளர், வடிவமைப்புப் பொறியாளர், ஒப்பந்ததாரர்

முடிவு முதலில்

ஐந்து மாதிரிகளில் நான்கின் 28 நாள் வலிமை ஏற்கத்தக்கது. பிளிந்த் பீமில் எடுத்த மூன்றாம் மாதிரியின் 28 நாள் முடிவு செல்லாது. அந்தப் பீமை இந்தச் சோதனையை வைத்து ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. இரண்டாம் மாதிரி தேறியிருக்கிறது, ஆனால் அதன் கியூப்கள் தண்ணீருக்குள் போனதே இரண்டு நாள் தாமதமாகத்தான். இந்த இரண்டு விஷயத்துக்கும் விளக்கம் கீழே இருக்கிறது. எண்களை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிட வேண்டாம்.

மாதிரி எடுத்த விதம்

கான்கிரீட் தளத்திலேயே மிக்சரில் கலக்கப்பட்டது. 53 தர சிமெண்ட், எம்-சாண்ட், 20 மி.மீ. ஜல்லி, நீர்-சிமெண்ட் விகிதம் 0.48. ஐந்து நாளும் ஸ்லம்ப் 80 முதல் 95 மி.மீ.க்குள் இருந்தது. ஒரு நாளில் ஊற்றிய அளவு 5 கன மீட்டரைத் தாண்டவில்லை, ஐ.எஸ். 456:2000-இன்படி அந்த அளவுக்கு ஒரு மாதிரி போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் 150 மி.மீ. கியூப்கள் ஆறு போட்டோம்: மூன்று 7 நாளுக்கு, மூன்று 28 நாளுக்கு. மூன்று அடுக்காக நிரப்பி, 16 மி.மீ. கம்பியால் அடுக்குக்கு 35 குத்து.

கியூரிங்: வயது வேறு, தண்ணீரில் இருந்த நாள் வேறு

"28 நாள் கியூரிங்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் 28 நாள் என்பது கியூபின் வயது. சிமெண்டில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து அது எண்ணப்படுகிறது. முதல் நாள் மோல்டுக்குள் ஈரச் சாக்கின் கீழே போய்விடும்; தண்ணீருக்குள் இருப்பது 27 நாள்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த ஒரு நாள் வித்தியாசத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இரண்டாம் மாதிரியில் ஒழுங்காக நடக்கவில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியாகவே தருகிறேன்.

அந்த மாதிரி 10.02.2025 திங்கள் மாலை போடப்பட்டது. மறுநாள் தைப்பூசம். ஆட்களில் பாதிப் பேர் சென்னிமலைத் தேருக்கும் மீதிப் பேர் பழனிக்கும் போய்விட்டார்கள். 11-ஆம் தேதி காலையில் மோல்டைக் கழற்ற ஆளில்லை. காவலாளி அன்று ஒருமுறை சாக்கை நனைத்திருக்கிறார், 12-ஆம் தேதி அதுவும் இல்லை. 13-ஆம் தேதி மாலைதான் கியூப்கள் தொட்டிக்குள் போயின. ஆக, 7 நாள் கியூப்கள் தண்ணீரில் இருந்தது 4 நாள். 28 நாள் கியூப்கள் 25 நாள். நோம்பிக்கு ஆள் போவது நம் பக்கத்தில் புதிதல்ல. முந்தின நாள் கியூப் போட்டது நம் தவறு.

மற்ற நான்கு மாதிரிகளும் மறுநாளே தொட்டிக்குள் போயின. தொட்டி தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். வெப்பநிலை 27 டிகிரிக்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி. பிப்ரவரி முழுக்க 25 முதல் 28 வரை இருந்தது. மார்ச் கடைசி வாரப் பிற்பகல்களில் 31 வரை ஏறியதைப் பதிவேட்டில் குறித்திருக்கிறோம். இது ஐந்தாம் மாதிரியின் கடைசி நாட்களைத் தொடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆன கியூபை இந்த ஏற்றம் பெரிதாக மாற்றியிருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் விதிக்கு வெளியே போனதை மறைக்க வேண்டியதில்லை.

சோதனை

2000 கிலோநியூட்டன் திறனுள்ள, அளவுத் திருத்தச் சான்று நடப்பில் உள்ள இயந்திரம். ஐ.எஸ். 516 (பகுதி 1/பிரிவு 1):2021 முறை. கியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மேலே நின்ற ஈரத்தையும் மணலையும் துடைத்து, எடை பார்த்து, காயவிடாமல் சோதித்தோம். வார்த்தபோது மேலே இருந்த முகம் பக்கவாட்டில் வரும்படி வைத்தோம். பாரம் ஏற்றிய வேகம் நொடிக்கு 5.25 கிலோநியூட்டன், அதாவது நிமிடத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன்.

f = P × 1000 / A, A = 150 × 150 = 22500

கீழே பாரம் கிலோநியூட்டனில்; வலிமை சதுர மி.மீ.க்கு நியூட்டனில். அடைப்புக்குறிக்குள் இருப்பது தண்ணீரில் இருந்த நாள்.

| மாதிரி, இடம் | போட்ட நாள் | 7 நாள் பாரம் | 7 நாள் சராசரி | 28 நாள் பாரம் | 28 நாள் வலிமை | 28 நாள் சராசரி |
|---|---|---|---|---|---|---|
| 1, ஃபுட்டிங் | 05.02.2025 | 478, 462, 491 | 21.2 (6) | 712, 738, 725 | 31.6, 32.8, 32.2 | 32.2 (27) |
| 2, பெடஸ்டல் | 10.02.2025 | 398, 411, 384 | 17.7 (4) | 630, 612, 651 | 28.0, 27.2, 28.9 | 28.0 (25) |
| 3, பிளிந்த் பீம் | 18.02.2025 | 470, 455, 463 | 20.6 (6) | 718, 501, 704 | 31.9, 22.3, 31.3 | செல்லாது (27) |
| 4, தூண் கீழ்ப்பகுதி | 25.02.2025 | 483, 469, 476 | 21.2 (6) | 731, 716, 742 | 32.5, 31.8, 33.0 | 32.4 (27) |
| 5, தூண் மேல்பகுதி | 04.03.2025 | 466, 458, 480 | 20.8 (6) | 708, 722, 695 | 31.5, 32.1, 30.9 | 31.5 (27) |

உடைந்த விதம்

28 நாள் கியூப்கள் பதினைந்தில் பதினான்கு முறையாக உடைந்தன. நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிசல் விட்டு, ஓடு ஓடாகப் பிரிந்து விழுந்தன. தட்டுகளைத் தொட்ட மேல் முகமும் கீழ் முகமும் பெரிதாகச் சேதமாகவில்லை. உதிர்ந்ததைத் தட்டிவிட்டுப் பார்த்தால் நடுவில் இடை சிறுத்து உடுக்கை மாதிரி நின்றது. எஃகுத் தட்டின் உராய்வு இரண்டு முனைகளையும் விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது, நடுப்பகுதி பக்கவாட்டில் பிதுங்குகிறது. அதனால் வரும் வடிவம் இது. பாரம் நடுவாக இறங்கியிருக்கிறது என்பதற்கும் இதுவே அடையாளம்.

உடைந்த முகத்தையும் பார்த்தோம். 1, 4, 5 மாதிரிகளில் ஜல்லிகள் பலவும் குறுக்கே பிளந்திருந்தன. பசையின் பிடிப்பு நன்றாக இருந்தது. இரண்டாம் மாதிரியில் வடிவம் சரிதான், ஆனால் ஜல்லி பெரும்பாலும் முழுசாகக் கழன்று, பசையில் அதன் அச்சு மட்டும் குழியாக நின்றது. கியூரிங் தாமதத்தோடு இது பொருந்திப்போகிறது. பசை மற்ற மாதிரிகள் அளவுக்கு இறுகவில்லை.

மூன்றாம் மாதிரியின் இரண்டாவது கியூப்தான் சிக்கல். எடை பார்க்கும்போதே சந்தேகம் வந்தது: கூட்டாளிகள் இரண்டும் 8.24, 8.27 கிலோ இருக்க, இது 7.91 கிலோ. ஒரு கீழ் மூலையில் 40 மி.மீ. நீளத்துக்குத் தேன்கூடு. பாரம் 400 கிலோநியூட்டனை நெருங்கும்போது அந்த மூலையிலிருந்து செங்குத்தாக ஒரு விரிசல் ஓடியது. 501-இல் அந்தப் பக்கம் மட்டும் நொறுங்கி, பாரம் இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்து இரண்டு முகங்களில் கீறல்கூட இல்லை. விதிப்படி இது திருப்தியற்ற உடைவு. பிறகு அந்த மோல்டைச் சோதித்தபோது அடித்தட்டின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. நேர்விளிம்பு வைத்துப் பார்க்கையில் 0.6 மி.மீ. இடைவெளி. அன்று கம்பி பிடித்தவர் வேலைக்குப் புதியவர்.

மூன்றாம் மாதிரியை ஏன் சரிக்கட்டவில்லை

"அந்த ஒன்றைத் தூக்கிவிட்டு மற்ற இரண்டுக்கும் சராசரி போட்டால் 31.6 வந்துவிடுமே" என்று ஒப்பந்ததாரர் தரப்பில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, செய்தால்தான் தப்பு. மூன்றின் சராசரி 28.5. எந்தக் கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது, விலகினால் மாதிரியே செல்லாது என்கிறது ஐ.எஸ். 456. இந்தக் கியூப் 21.8 சதவீதம் கீழே நிற்கிறது. பிடிக்காததை எடுத்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட விதியில் இடமில்லை. அதே விதியால்தான் 28.5 என்பதையும் முடிவாக எழுதவில்லை.

என் கணிப்பைக் கேட்டால், கோளாறு கியூபில்தான், பீமில் இல்லை. 7 நாள் முடிவு இயல்பாக இருக்கிறது, மற்ற இரண்டு கியூப்களும் முதல் மாதிரியோடு ஒத்துப்போகின்றன. ஆனால் கணிப்பு சோதனை ஆகாது.

ஏற்புக் கணக்கு

முப்பது முடிவுகள் சேராததால் திட்ட விலக்கத்தை எம்25-க்கு உரிய 4.0 என்று எடுத்துக்கொண்டோம். 0.825 × 4.0 = 3.3, அரைக்கு முழுமையாக்கினால் 3.5. இது 3-ஐவிடப் பெரியது என்பதால் நான்கு முடிவுகளின் சராசரி 25 + 3.5 = 28.5-க்குக் குறையக்கூடாது, தனி முடிவு 25 - 3 = 22-க்குக் குறையக்கூடாது. செல்லாத மூன்றாவதை விட்டுவிட்டு, வரிசையில் செல்லுபடியாகும் 1, 2, 4, 5 ஆகியவற்றின் சராசரி 31.0. மிகக் குறைந்த தனி முடிவு 28.0. இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகின்றன.

இரண்டாம் மாதிரிக்குக் கியூரிங் குறைந்தது என்று சொல்லி எண்ணை ஏற்றிக் காட்டவில்லை, வந்தது 28.0, அப்படியே இருக்கிறது. பெடஸ்டல்களுக்கு அந்த இரண்டு நாளும் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றியதாகக் காவலாளி சொல்கிறார். அதை இந்தக் கியூப்கள் நிரூபிக்கவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது.

செய்ய வேண்டியது

18.02.2025 அன்று ஊற்றிய பிளிந்த் பீமில், வடக்கு வரிசை மூன்றாம் தூணிலிருந்து ஆறாம் தூண் வரை, முதலில் ரீபவுண்ட் ஹேமர் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே குறைவாகக் காட்டுகிறதோ அந்த இடங்களைச் சேர்த்து, கம்பியில் படாமல் மூன்று கோர் எடுக்க வேண்டும். கியூபுக்கு இணையாக மாற்றிய வலிமையின் சராசரி 21.25-க்கும் (தரத்தில் 85 சதவீதம்), எந்த ஒரு கோரும் 18.75-க்கும் (75 சதவீதம்) குறையாமல் இருந்தால் பீமை ஏற்கலாம். அதுவரை அந்தப் பீமின் மேல் சுவர் எழுப்ப வேண்டாம். அந்த நாளுக்குரிய பில்லும் நிறுத்தி வைக்கப்படட்டும்.

போல்ட் தளர்ந்த மோல்டு தளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்து ரூஃப் பீமிலிருந்து ஆறுக்குப் பதில் எட்டு கியூப் போடுகிறோம். 28 நாளுக்கு ஒன்று கெட்டுப்போனால் மறுசோதனைக்குக் கையில் ஏதாவது இருக்கும். விடுமுறைக்கு முந்தின நாள் கான்கிரீட் ஊற்றுவதென்றால், மறுநாள் மோல்டு கழற்றப்போவது யார் என்று பதிவேட்டில் பெயர் எழுதிய பிறகே மிக்சரை ஓட்ட வேண்டும்.

தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்
பெருந்துறை, 03.04.2025